தரம் 9 வாராந்த நேரசூசியும் அதில் கண்ட குறைகளும்

மதிப்பிற்குரிய பிரதி அதிபர் அவர்களுக்கு,

அலுவலக அறிவித்தற் பலகையிலிருந்து தாங்கள் படமெடுத்து அனுப்பிய நேரசூசியைக் கீழே அட்டவணையாக எழுதியுள்ளேன். படம் சற்றுச் சரிந்திருந்ததால் வெள்ளிக்கிழமை நிரல் ஒரு வரி கீழிறங்கித் தெரிந்தது. இடைவேளைக் கோட்டை வைத்தே அதை நேராக்கினேன். புதன் 6 இல் "சி" என்ற ஓரெழுத்து மட்டுமே இருந்தது. சித்திரம் "அழ" என்பதற்குள் அடங்குவதால் அதைச் சிங்களம் என்றே கொண்டேன்.

| பாடவேளை | திங்கள் | செவ்வாய் | புதன் | வியாழன் | வெள்ளி |
|---|---|---|---|---|---|
| 1 (7.50) | கணிதம் | தமிழ் | கணிதம் | ஆங்கிலம் | சைவசமயம் |
| 2 (8.30) | தமிழ் | கணிதம் | தமிழ் | வெறுமை | கணிதம் |
| 3 (9.10) | ஆங்கிலம் | விஞ்ஞானம் | ஆங்கிலம் | கணிதம் | தமிழ் |
| 4 (9.50) | விஞ்ஞானம் | வரலாறு | விஞ்ஞானம் (மோதல்) | தமிழ் | ஆங்கிலம் |
| இடைவேளை (10.30) | | | | | |
| 5 (10.50) | வரலாறு | ஆங்கிலம் | சுகாதாரம் | விஞ்ஞானம் | புவியியல் |
| 6 (11.30) | சைவசமயம் | புவியியல் | சிங்களம் | சுகாதாரம் | அழகியல் |
| 7 (12.10) | அழகியல் | வெறுமை | குடியியல் | செயன்முறைத் திறன் | சிங்களம் |
| 8 (12.50) | அழகியல் | குடியியல் | வரலாறு | செயன்முறைத் திறன் | சுகாதாரம் |

அழகியல் பாடவேளையில் சித்திரம், சங்கீதம், நடனம் மூன்றும் ஒரே கட்டத்தில் எழுதப்பட்டிருப்பது மோதல் அன்று. பிள்ளைகள் பிரிந்து செல்கிறார்கள்.

உண்மையான மோதல் புதன் 4 இல் உள்ளது. தரம் 11 இன் படத்துடன் ஒப்பிட்டபோது, நமது ஒரேயொரு விஞ்ஞான ஆசிரியைக்கு அதே வேளையில் அங்கும் பாடம் இருப்பது தெரிந்தது. பரீட்சை வகுப்பை அவர் விட முடியாது என்பதால், தரம் 9 பிள்ளைகள் நான்கு விஞ்ஞானப் பாடவேளைகளுள் ஒன்றை வாரந்தோறும் இழப்பார்கள். அவர் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் மாங்குளம் வந்து, அங்கிருந்து மாறிப் பாடசாலையை அடைவதால் முதலாம் பாடவேளையை அவருக்குக் கொடுக்கவும் இயலாது. வியாழன் 2 வெறுமையாக இருக்கிறதே என்று அங்கு வைத்தால், ஒரே நாளில் இரண்டு விஞ்ஞானமும் வெள்ளியில் ஒன்றுமில்லாமையும் ஏற்படும். ஆகவே வெள்ளி 4 இல் விஞ்ஞானத்தையும் புதன் 4 இல் ஆங்கிலத்தையும் மாற்றி வைப்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். அவ்வேளைகளில் இரு ஆசிரியர்களுக்கும் வேறு வகுப்பில்லை என்பதை ஏனைய வகுப்புகளின் படங்களிலும் பார்த்துவிட்டேன். புதனில் ஆங்கிலம் தொடர்ந்து இரண்டு வேளை வருவது வாசிப்புப் பயிற்சிக்கு உதவும்.

வெறுமையான இரு கட்டங்களையும் பெரிதாக்கிப் பார்த்தால், வெள்ளைத் திருத்த மையின் கீழ் "தக" என்ற எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. இடமாற்றம் பெற்றுச் சென்ற தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியரின் பாடவேளைகளே அவை. புதியவர் வரும்வரை வியாழன் 2 ஐக் கணிதப் பயிற்சிக்கும், களைத்திருக்கும் நேரமான செவ்வாய் 7 ஐ நூலகத்துக்கும் ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் சம்மதித்தால், திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு முன்னரே புதிய பிரதியை எழுதி வகுப்பறையில் ஒட்டிவிடுவேன்.

இங்ஙனம்,
தரம் 9 வகுப்பாசிரியை