இரண்டாம் மாடி ஃபிரிட்ஜ்: எல்லா அறைகளின் கவனத்துக்கும்

தோழிகளுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை ராத்திரி ஒரு தூக்கில் இருந்த இட்லி மாவு பொங்கி, கீழே காய்கறி டிரே வரைக்கும் வழிந்துவிட்டது. யாருடைய மாவு என்று கேட்கப் போவதில்லை. ஃபிரிட்ஜுக்குள் போனாலும் மாவு கொஞ்ச நேரம் பொங்கத்தான் செய்யும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். இருப்பது ஒரே ஃபிரிட்ஜ், நாமோ பன்னிரண்டு பேர். அதனால் ஜூன் 1 முதல் இப்படி வைத்துக்கொள்வோம்.

மேல்தட்டில் இடப்பக்கம் 201, வலப்பக்கம் 202. நடுத்தட்டில் அதேபோல 203, 204. கீழ்த்தட்டு எல்லோருக்கும் பொது: மாவு, பெரிய பாத்திரங்கள். கதவில் பால், தயிர், முட்டை. கதவின் மேல் பெட்டி மருந்துக்கு மட்டும். இடமில்லை என்று இன்சுலினை யாரும் ஃப்ரீசர் பக்கம் நகர்த்த வேண்டாம், உறைந்தால் வீண். மீன், கோழி வாங்கினால் இறுக மூடிய டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள். ஐஸ் உருக எடுத்து வைக்கும்போது கீழ்த்தட்டில், ஒரு சாப்பாட்டுத் தட்டின் மேல். இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் அடுத்தவர் தயிர்சாதத்தில் சொட்டும்.

ஃபிரிட்ஜ் பக்கத்தில் மாஸ்கிங் டேப்பும் மார்க்கரும் நூலில் கட்டித் தொங்குகின்றன. அறை எண், பெயர், வைத்த தேதி, இவ்வளவு எழுதினால் போதும். பார்சல் கவர்களுக்கு இது கட்டாயம். உள்ளே இருப்பது தேங்காய்ச் சட்னியா மோர்க்குழம்பா என்று முடிச்சை அவிழ்த்தால்தான் தெரிகிறது! பெயர் இல்லாதவை ஞாயிற்றுக்கிழமை குப்பைக்குப் போகும். பெயர் இருந்து மூன்று நாள் தாண்டியவற்றுக்கு முதலில் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்போம்.

ராத்திரி டீக்குக் கொஞ்சம் பால் வேண்டுமா? கேட்டுவிட்டு எடுங்கள். தூங்கிவிட்டார்கள் என்றால் ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள், யாரும் கோபிக்கப் போவதில்லை.

சுத்தம் செய்யும் முறை ஞாயிறு காலை எட்டு மணிக்கு. முதல் வாரம் 201, அப்புறம் வரிசையாக. ஐந்தாவது ஞாயிறு வந்தால் எங்கள் அறை பார்த்துக்கொள்ளும். ஊருக்குப் போகிறீர்களா, இன்னொரு அறையோடு மாற்றிக்கொண்டு போர்டில் எழுதுங்கள். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். சமையல் சோடா கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் வாடையும் போய்விடும். கண்ணாடித் தட்டு சில்லென்று இருக்கும்போது சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். ஃப்ரீசர் ஐஸைக் கத்தியால் குத்தவே கூடாது. உள்ளே கேஸ் குழாய் ஓடுகிறது, ஓட்டையானால் ஃபிரிட்ஜே போச்சு. முந்தின ராத்திரி டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்தினால் தானாக உருகிவிடும்.

கடைசியாக ஒன்று. ஊதா மூடி போட்ட டப்பா ஒன்றைக் கழுவிப் பாத்திர அலமாரியில் வைத்திருக்கிறேன். உரியவர் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே என்ன இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

204-ஆம் அறையிலிருந்து