தங்கம் கமென்ட்ரில வர்ற புல்லிஷ், பேரிஷ், லாங், ஷார்ட், லாட்: புதுசா படிக்கறவங்களுக்கு

தங்கம் பத்தின கமென்ட்ரி எதைத் திறந்தாலும் கிட்டத்தட்ட இப்படி ஒரு வரி இருக்கும்: "3,000-க்கு மேல நிக்கிற வரைக்கும் வியூ புல்லிஷ்தான், இறங்கி வந்தா லாங் பாக்கலாம், 2,985 உடைஞ்சா ஷார்ட், லாட் மட்டும் சின்னதா வெச்சுக்கோங்க." நம்பரெல்லாம் சும்மா உதாரணத்துக்கு, ஒரு அவுன்ஸுக்கு டாலர் கணக்குல. புதுசா வர்றவங்க இதைப் படிச்சுட்டு புல்லிஷ்னா வாங்கணும், பேரிஷ்னா விக்கணும், லாங் ஷார்ட்டும் அதே தான் போலன்னு எல்லாத்தையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கறாங்க. ஆனா புல்லிஷ், பேரிஷ்ங்கறது ஒருத்தரோட அபிப்பிராயம், லாங், ஷார்ட்ங்கறது அவர் காசு வெச்சு எடுத்திருக்கற பொசிஷன், லாட்ங்கறது அந்த பொசிஷனோட அளவு. இந்த மூணையும் பிரிச்சுப் படிச்சா பாதி குழப்பம் போயிடும்.

புல்லிஷ்னா விலை ஏறும்னு நினைக்கறது, பேரிஷ்னா இறங்கும்னு நினைக்கறது. அவ்ளோதான், இதுல பெருசா ஒண்ணும் இல்ல. ஆள் மட்டும் இல்ல, செய்தியையும் இப்படி சொல்லுவாங்க. அமெரிக்க மத்திய வங்கி வட்டியை குறைக்கும்ங்கற எதிர்பார்ப்பு கூடினா "தங்கத்துக்கு புல்லிஷ்"னு எழுதுவாங்க, ஏன்னா தங்கத்தை கையில வெச்சிருந்தா வட்டி வராது, வட்டி குறையறப்ப அந்த குறை பெருசா தெரியாது. டாலர் வலுவானா பொதுவா "பேரிஷ்"னு வரும், தங்கத்துக்கு உலக விலை டாலர்ல தானே போடறாங்க. இதெல்லாம் வழக்கமா நடக்கறது, எல்லா நாளும் இப்படியே நடக்கும்னு கிடையாது, சில சமயம் டாலரும் தங்கமும் சேர்ந்தே ஏறும்.

இதுல எல்லாரும் கோட்டை விடற இடம் டைம்ஃபிரேம். ஒரே ஆள் ஒரே நாள்ல "லாங் டேர்ம் புல்லிஷ், இன்ட்ராடே பேரிஷ்"னு எழுதுவார், படிக்கறவங்க இவருக்கே தெரியல போலன்னு சிரிப்பாங்க. ஆனா அவர் சொல்றது அடுத்த ஒரு வருஷத்துல ஏறும், இன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள கொஞ்சம் இறங்கும்னு, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டல. எத்தனை நாளைக்குன்னு சொல்லாம வெறும் "புல்லிஷ்"னு மட்டும் எழுதற கமென்ட்ரியால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, தாண்டிப் போயிடுங்க.

அடுத்தது லாங். விலை ஏறினா லாபம் வர்ற மாதிரி வாங்கி வெச்சிருந்தா நீங்க லாங். நீண்ட காலம்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க, அஞ்சு நிமிஷத்துல மூடற டிரேடும் லாங் தான். ஷார்ட் அதுக்கு நேர் எதிர், முதல்ல வித்துட்டு அப்புறமா வாங்கறது, விலை இறங்கினா தான் லாபம். 3,000-ல வித்து 2,980-ல திரும்ப வாங்கினா அவுன்ஸுக்கு 20 டாலர் உங்களுக்கு. கையில இல்லாத தங்கத்தை எப்படி விக்கறதுன்னு எல்லாரும் கேப்பாங்க. ஃபியூச்சர்ஸ்ல நீங்க விக்கறது பிஸ்கட்டை இல்ல, பின்னாடி ஒரு தேதில இந்த விலைக்கு தர்றேன்ங்கற ஒப்பந்தத்தை, அந்த தேதிக்கு முன்னாடி அதே ஒப்பந்தத்தை திரும்ப வாங்கிட்டா கணக்கு முடிஞ்சுது. மொபைல் ஆப்ல XAUUSD-ன்னு, அதாவது டாலர் கணக்குல தங்கத்தோட விலையைப் போட்டு டிரேட் பண்றவங்களுக்கு பெரும்பாலும் அந்த ஒப்பந்தம் கூட கிடையாது, விலை வித்தியாசத்தை மட்டும் புரோக்கர் கூட செட்டில் பண்ணிக்கறாங்க. ஒரு ஆபத்தை மட்டும் இங்கேயே சொல்லிடறேன்: லாங்ல இருக்கறவருக்கு நஷ்டம் விலை பூஜ்யத்தை தொட்டா முடிஞ்சுடும், ஷார்ட்ல விலை எவ்ளோ வேணா ஏறலாம், அதனால நஷ்டத்துக்கு மேல் எல்லையே இல்ல.

இப்போ முக்கியமான விஷயம். பேரிஷா இருக்கறவங்க தான் ஷார்ட் எடுப்பாங்கன்னு இல்ல. ஒரு சுரங்க கம்பெனி ஆறு மாசம் கழிச்சு எடுக்கப்போற தங்கத்துக்கு இன்னைக்கே விலையை ஃபிக்ஸ் பண்ண ஃபியூச்சர்ஸ்ல ஷார்ட் போகும், விலை ஏறும்னு அவங்களே நம்பினாலும் போகும், இதுக்குப் பேர் ஹெட்ஜ். அதே மாதிரி புல்லிஷா இருந்தும் கையில ஒரு பொசிஷனும் இல்லாம நல்ல விலைக்கு காத்திருக்கறவங்க நிறைய. "லாங்தான் ஜாஸ்தி, ஷார்ட் கம்மி"னு எழுதறதையும் அப்படியே நம்பாதீங்க. ஃபியூச்சர்ஸ்ல ஒவ்வொரு லாங்குக்கும் எதிர்ல ஒரு ஷார்ட் இருந்தே ஆகணும், மொத்தம் எப்பவும் சமம். அவங்க சொல்ல வர்றது ஃபண்டுகள் மாதிரி ஒரு குறிப்பிட்ட குரூப் நெட் லாங்ல, அதாவது ஷார்ட்டை கழிச்சாலும் லாங் மிச்சமா இருக்குன்னு. அமெரிக்காவுல ஃபியூச்சர்ஸ் சந்தையை கண்காணிக்கற சிஎஃப்டிசி வாராவாரம், வழக்கமா வெள்ளிக்கிழமை, இந்த கணக்கை வெளியிடும், ஆனா அது அந்த வாரத்து செவ்வாய்க்கிழமை நிலவரம், படிக்கும்போதே கொஞ்சம் பழசு.

"ஷார்ட் கவரிங்ல தங்கம் ஏறிச்சு"ன்னு வந்தா, ஷார்ட் போனவங்க திரும்ப வாங்கி வெளிய வர்றாங்க, அந்த வாங்கலே விலையை தூக்குதுன்னு அர்த்தம், யாரோ திடீர்னு புல்லிஷ் ஆயிட்டாங்கன்னு இல்ல. "லாங் அன்வைண்டிங்"னா அதே கதை தலைகீழா.

லாட்டுக்கு வருவோம், புதுசா வர்றவங்க அக்கவுன்ட் காலியாகறது பெரும்பாலும் இங்க தான். லாட்ங்கறது சந்தை சந்தைக்கு மாறும். நியூயார்க் காமெக்ஸ்ல பெரிய கோல்டு ஃபியூச்சர்ஸ் ஒரு கான்ட்ராக்ட் 100 ட்ராய் அவுன்ஸ், அதாவது சுமார் 3.11 கிலோ, மைக்ரோ கான்ட்ராக்ட் 10 அவுன்ஸ். XAUUSD-ல பெரும்பாலான புரோக்கர்கிட்ட 1 லாட் 100 அவுன்ஸ். அப்போ விலை 1 டாலர் நகர்ந்தா 1 லாட்டுக்கு 100 டாலர், 0.10 லாட்டுக்கு 10 டாலர், 0.01 லாட்டுக்கு 1 டாலர். இப்போ மேல சொன்ன வரியையே எடுங்க, 3,000-ல லாங் போய் 2,985-ல ஸ்டாப், அதாவது விலை அங்க வந்தா நஷ்டத்தோட தானா மூடற ஆர்டர் வெச்சா 15 டாலர் தூரம். அக்கவுன்ட்ல 500 டாலர் இருக்கற ஒருத்தர் 0.10 லாட் போட்டா ஸ்டாப் அடிச்சா 150 டாலர் போச்சு, ஒரே டிரேட்ல முப்பது சதவீதம். அதே ஆள் 0.01 போட்டிருந்தா 15 டாலரோட போயிருக்கும். வியூ அதே, என்ட்ரி அதே, ஸ்டாப்பும் அதே, லாட் மட்டும் தான் வேற. கமென்ட்ரி எழுதறவர் "ஸ்டாப் அடிச்சுடுச்சு, பரவால்ல அடுத்தது பாப்போம்"னு ஈஸியா போறதுக்கு காரணம் அவரோட லாட் அவர் அக்கவுன்டுக்கு சின்னது, அதை அவர் உங்களுக்கு சொல்ல மாட்டார்.

புரோக்கர் முன்பணமா கேக்கற மார்ஜின் கம்மின்னு பெரிய லாட் போடாதீங்க, லீவரேஜ் கட்ட வேண்டிய முன்பணத்தை தான் குறைக்குது, ஒரு டாலருக்கு எவ்ளோ போகும்ங்கற கணக்கு மாறாது. உங்க புரோக்கர்கிட்ட 1 லாட் எவ்ளோன்னு சந்தேகம் இருந்தா மெட்டாடிரேடர் 5-ல Market Watch-ல சிம்பல் மேல ரைட் கிளிக் பண்ணி Specification திறந்து Contract size பாருங்க, 100-ன்னு இருந்தா மேல உள்ள கணக்கு அப்படியே பொருந்தும், வேற நம்பர் இருந்தா 100-க்கு பதிலா அதைப் போட்டு திரும்ப கணக்கு போட்டுட்டு தான் ஆர்டரே போடணும்.