காப்பி மூட்டையும் குறுக்கே போன இரண்டு கடிதமும்: ஒப்பந்தச் சட்ட விடைத்தாள்

வினா (15 மதிப்பெண், 35 நிமிடம்)

ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர் ஒருவர் சேலம் லீ பஜார் வியாபாரிக்கு மார்ச் 2 அன்று தபாலில் எழுதுகிறார்: "அராபிகா 40 மூட்டை இருக்கிறது. மூட்டை ரூ.20,000. மார்ச் 15 அன்று சேலத்தில் இறக்கித் தருகிறேன். மார்ச் 12 வரை உங்களுக்காக வைத்திருப்பேன். பதிலைக் கடிதமாக அனுப்புங்கள்." கடிதம் 4-ம் தேதி சேர்கிறது. 5-ம் தேதி வியாபாரி வாட்ஸ்அப்பில், "பணத்தை இரண்டு தவணையாகத் தந்தால் சரிப்படுமா?" என்று கேட்கிறார். பதில் வரவில்லை. 7-ம் தேதி தோட்டக்காரர், "விற்கும் எண்ணம் இல்லை" என்று கடிதம் போடுகிறார். 8-ம் தேதி காலை தோட்டத்து ஜீப் டிரைவர் பஜாரில் வியாபாரியைப் பார்த்து, "ஐயா ஈரோட்டுக்காரரோட பேசிட்டிருக்காருங்க" என்கிறார். அன்றே 11 மணிக்கு வியாபாரி, "சொன்ன விலைக்கே 40 மூட்டையும் எடுத்துக்கொள்கிறேன்" என்று ஸ்பீடு போஸ்ட் அனுப்புகிறார். 9-ம் தேதி மதியம் தோட்டக்காரரின் கடிதம் வியாபாரி கைக்கு வருகிறது. 10-ம் தேதி வியாபாரியின் கடிதம் ஏற்காடு சேர்கிறது. அதற்குள் சரக்கு ஈரோட்டுக்குப் போய்விட்டது. 15-ம் தேதி சந்தை விலை மூட்டை ரூ.23,000. சென்னை ஓட்டல் ஒன்றுக்கு இந்தச் சரக்கைத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்ததால் ரூ.60,000 லாபமும் போனது என்கிறார் வியாபாரி. தோட்டக்காரருக்கு அந்த ஓட்டல் விவரம் தெரியாது. வியாபாரிக்கு என்ன பரிகாரம்?

விடை

பக்க ஓரக் குறிப்பு, பென்சிலில்: 2 கடிதம் – 5 தவணை – 7 ரத்து போட்டது – 8 டிரைவர், 8 ஏற்பு 11 மணி – 9 ரத்து சேர்ந்தது – 10 ஏற்பு சேர்ந்தது – 15 விலை. ரத்து + டிரைவர் 15 நிமி. இழப்பீடு 8. மற்றது சுருக்கம்.

எழுவினா 1: மார்ச் 12 வரை வைத்திருப்பேன் என்றவர் நடுவில் பின்வாங்கலாமா?

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 5-ன்படி, ஏற்பு முன்மொழிந்தவரைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு முற்றுப்பெறும் வரை முன்மொழிவைத் திரும்பப் பெறலாம். வைத்திருப்பேன் என்ற வாக்குக்கு வியாபாரி ஒரு ரூபாய்கூட முன்பணம் தரவில்லை. மறுபயன் இல்லாத வாக்கு கட்டுப்படுத்தாது. எனவே பின்வாங்கலாம். சரியான நேரத்தில் பின்வாங்கினாரா என்பதுதான் வழக்கே.

எழுவினா 2: தவணை பற்றிய கேள்வி முன்மொழிவைக் கொன்றுவிட்டதா?

பிரிவு 7: ஏற்பு நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும். விலையைக் குறைத்துக் கேட்பது எதிர்முன்மொழிவு. அதோடு பழையது போய்விடும் (ஹைட் எதிர் ரென்ச், 1840). வெறும் விசாரிப்பு அப்படியல்ல (ஸ்டீவன்சன் எதிர் மெக்லீன், 1880). "சரிப்படுமா?" என்பது கேள்வி. தவணை தந்தால்தான் எடுப்பேன் என்று வியாபாரி சொல்லவில்லை. பிறகு எழுதிய கடிதத்திலும் தவணைப் பேச்சே இல்லை. முன்மொழிவு உயிரோடுதான் இருக்கிறது.

எழுவினா 3: டிரைவர் சொன்னது ரத்து ஆகுமா?

தோட்டக்காரரின் வக்கீல் முதலில் பிடிக்கப்போவது இதைத்தான். டிக்கின்சன் எதிர் டாட்ஸ் (1876) வழக்கில், சொத்து வேறொருவருக்குப் போகிறது என்று மூன்றாம் ஆள் மூலம் தெரிந்ததே போதும் என்று இங்கிலாந்து நீதிமன்றம் கருதியது. ஆனால் நம் சட்டத்தின் பிரிவு 6(1), முன்மொழிந்தவர் மற்றவருக்கு ரத்து அறிவிப்பைத் தெரிவிப்பதையே ரத்துக்கான வழியாகச் சொல்கிறது. யார் தெரிவிக்க வேண்டும் என்பது பிரிவின் சொற்களிலேயே இருக்கும்போது ஆங்கில வழக்கை அப்படியே இங்கே இறக்க முடியாது.

டிரைவர் தோட்டத்து ஆள்தானே, முகவர் ஆகமாட்டாரா? அவரை யாரும் சொல்லி அனுப்பியதாக வினாவில் இல்லை. ஜீப் ஓட்ட வைத்திருக்கும் ஆளுக்கு வியாபாரத்தை முறிக்கும் அதிகாரம் தானாக வராது. அதற்கும் மேல், அவர் சொன்னது "பேசிட்டிருக்காரு" என்பது மட்டும். விற்றாயிற்று என்றோ உங்களுக்கு இல்லை என்றோ சொல்லவில்லை. இரண்டு பேரிடம் விலை பேசுவது பஜாரில் அன்றாடம் நடப்பது. ஆக, டிக்கின்சன் வழக்கை ஏற்றுக்கொண்டாலும் உண்மைகள் அதற்குப் பொருந்தவில்லை. ரத்து ஆகாது.

எழுவினா 4: ரத்துக் கடிதம் முந்தியதா, ஏற்புக் கடிதம் முந்தியதா?

பிரிவு 4 இரண்டுக்கும் வெவ்வேறு நேரம் வைக்கிறது. ஏற்பு, அனுப்பியவர் கையை விட்டுப் போனதுமே முன்மொழிந்தவரைக் கட்டுப்படுத்தும். ரத்து, அதைப் பெறுபவருக்குத் தெரியவரும்போதுதான் அவரைக் கட்டுப்படுத்தும். பைர்ன் எதிர் வான் டீன்ஹோவன் (1880) வழக்கிலும் இதே முடிவு: தபாலில் போட்ட ரத்து, எதிராளிக்குப் போய்ச் சேரும்வரை ரத்தே அல்ல.

தோட்டக்காரர் கடிதம் போட்டது 7-ம் தேதி, ஒரு நாள் முன்னால். அதனால் பயன் இல்லை; வியாபாரி அதைப் பார்த்தது 9-ம் தேதி மதியம். வியாபாரியின் கடிதம் 8-ம் தேதி 11 மணிக்கே தபால் கவுன்டரைத் தாண்டிவிட்டது. அந்த நிமிடமே தோட்டக்காரர் மாட்டிக்கொண்டார். 10-ம் தேதிதான் தனக்குக் கிடைத்தது என்று அவர் சொல்வது இங்கே எடுபடாது. கடிதமாகத்தான் பதில் வேண்டும் என்று கேட்டவரும் அவர்தான். கேட்ட முறையிலேயே ஏற்பு போயிருக்கிறது. நேரத்தை நிரூபிக்க ஸ்பீடு போஸ்ட் ரசீது போதும்.

(தொலைபேசியில் ஏற்றிருந்தால் கதை வேறு. பகவான்தாஸ் கோவர்தன்தாஸ் கேடியா வழக்கில், 1966, உச்ச நீதிமன்றம் தபால் விதியைத் தொலைபேசிக்கு நீட்டவில்லை.)

ஒப்பந்தம் மார்ச் 8 காலை 11 மணிக்கு உருவாகிவிட்டது. ஈரோட்டுக்கு விற்றதும், 15-ம் தேதி சரக்கு தராததும் ஒப்பந்த மீறல்.

எழுவினா 5: எவ்வளவு கேட்கலாம்?

பிரிவு 73: மீறலால் இயல்பாக விளையும் இழப்பும், ஒப்பந்தம் போடும்போதே இருவருக்கும் தெரிந்திருந்த இழப்பும் கிடைக்கும், தொலைவான இழப்பு கிடைக்காது. ஹேட்லி எதிர் பாக்ஸன்டேல் (1854) வழக்கின் இரண்டு கிளைகளும் இவைதான். பிரிவின் முதல் எடுத்துக்காட்டே வெடியுப்பு விற்பதாகச் சொல்லிவிட்டுத் தராமல் போனவர் பற்றியது: தர வேண்டிய நாளில் அதே தரச் சரக்கின் விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் உள்ள வித்தியாசம். வெடியுப்பு இருந்த இடத்தில் காப்பியை வைத்தால் நம் வினா.

23,000 – 20,000 = 3,000. 40 மூட்டைக்கு ரூ.1,20,000.

ஓட்டல் லாபம் ரூ.60,000 கிடைக்காது. தோட்டக்காரருக்கு அது தெரியாது; தவணை கேட்ட அன்றாவது வியாபாரி ஒரு வரி சொல்லியிருந்தால் இரண்டாம் கிளையில் வாதாட இடம் இருந்திருக்கும். தவிர, 15-ம் தேதி சந்தையில் ரூ.23,000-க்குச் சரக்கு வாங்கி ஓட்டலுக்குத் தந்திருக்கலாம். இழப்பைக் குறைக்க என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்கச் சொல்கிறது பிரிவு 73-ன் விளக்கம்.

முடிவு: ஒப்பந்தம் செல்லும். வியாபாரிக்கு ரூ.1,20,000 இழப்பீடு. ஓட்டல் லாபக் கோரிக்கை தள்ளுபடி.