பழைய துணி, புத்தகம் சேகரிப்பு: அக்டோபர் 17, 18

நம் புளோக் அண்டை வீட்டாருக்கு வணக்கம். தீபாவளிக்கு அலமாரியைக் காலி செய்கிறீர்களா? குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டு ஊழியர் விடுதி ஒன்றுக்குத் துணியும் தமிழ்ப் புத்தகங்களும் சேர்க்கிறோம். சட்டை, டி-சட்டை, ஜீன்ஸ், கைலி எல்லாம் சரி. துவைத்து, மடித்துத் தாருங்கள். போன முறை ஒரு பையில் காலர் கிழிந்த சட்டையும் ஒற்றைக் காலுறையும் இருந்தன. நாம் போட்டுக்கொள்ளாததை அவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? சேலை, குழந்தை உடைகள் இந்த முறை வேண்டாம்.

நாவல், வார இதழ், ஆங்கிலம் கற்கும் புத்தகம் இருந்தால் ரொம்ப நல்லது. விடை எழுதி முடித்த பிஎஸ்எல்இ பயிற்சி நூல்களைப் பழைய பேப்பர்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.

இடம்: கீழ்த்தளம், கடிதப்பெட்டிகளுக்கு எதிரே உள்ள கல்மேசை.
நாள்: அக்டோபர் 17 சனி, 18 ஞாயிறு, காலை 10 முதல் மாலை 5 வரை.

முந்தின இரவே பைகளை அங்கே வைத்துவிட்டுப் போகாதீர்கள், மழைச்சாரல் அடிக்கும். தூக்க முடியாத பெரியவர்கள் இந்தக் குழுவில் வீட்டு எண்ணைப் போட்டால் பிள்ளைகள் தள்ளுவண்டியோடு வருவார்கள். அப்புறம், ஞாயிறு மாலை பிரித்து அடுக்க நான்கு பேர் தேவை. தேநீர் என் பொறுப்பு.

– 9ஆம் மாடியிலிருந்து