மலைப்பூண்டு வாங்குவோர் எதை நம்பி வாங்குகிறார்கள்? பூம்பாறை, கொடைக்கானல்: சந்தை ஆய்வு அறிக்கை

பிபிஏ மூன்றாம் ஆண்டு, சந்தை ஆய்வுப் பாடம்

ஆய்வுக் கேள்வி

ஒரு பொருள் குறிப்பிட்ட இடத்தில் விளைந்த தனித்தன்மையுள்ள பொருள் என்பதற்கான சட்ட அடையாளமே புவிசார் குறியீடு; கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு அது 2019-இல் கிடைத்தது. அது சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரியுமா? தெரிந்தால் கூடுதல் விலை கொடுப்பார்களா? எங்கள் ஊர்ப் பூண்டில் பெரும்பகுதி மூட்டையாக வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கிவிடுகிறது. ஊரிலேயே சில்லறையாக விற்றால் விளைவித்தவருக்கு என்ன கிடைக்கும் என்பதிலிருந்துதான் இந்தக் கேள்வி பிறந்தது.

மாதிரி

ஜனவரியில் இரண்டு சனி, ஞாயிறுகளில் 62 பேரிடம் பேசினேன். பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில் வாசலில் 34 பேர், கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் 28 பேர். நின்று பேச இசைந்தவர்களையே கேட்டேன்.

கண்டவை

புவிசார் குறியீடு என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் 11 பேர். அதில் மலைப்பூண்டுக்கு அது உண்டு என்று அறிந்தவர்கள் 4 பேர்தான்.

"இது மலைப்பூண்டுதான் என்று எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்களே இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. 29 பேர் கடைக்காரர் சொன்னதை நம்பினார்கள். 17 பேர் ஒரு பல்லை உரித்து, முகர்ந்து பார்த்து முடிவு செய்தார்கள். மீதி 16 பேருக்குச் சொல்லத் தெரியவில்லை. மதுரையிலிருந்து வந்த ஒரு அம்மா, "மக பிள்ளை பெத்திருக்கா, லேகியத்துக்கு இந்தக் காரம்தான் வேணும்" என்றார். அவருக்குக் குறியீடு தேவைப்படவில்லை; மூக்கு போதும்.

குறியீட்டை விளக்கிய பிறகு, கிலோவுக்கு 50 ரூபாய் கூடுதலாகத் தருவதாக 41 பேர் சொன்னார்கள்.

அப்புறம் ஒரு சிறு சோதனை. பூம்பாறையில் ஒரே கடை, ஒரே விலை. முதல் சனிக்கிழமை பலகை இல்லாமல் 11 கிலோ விற்றது. அடுத்த சனிக்கிழமை குறியீட்டை விளக்கும் பலகையோடு 14 கிலோ.

வரம்புகள்

அந்த 3 கிலோ கூடுதலுக்குப் பலகைதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. பலகை வைத்த நாள் பொங்கல் விடுமுறையில் வந்தது, கூட்டமே அதிகம். இதை முன்பே யோசித்து நாளை மாற்றியிருக்க வேண்டும்.

50 ரூபாய் தருவதாகச் சொன்னவர்கள் யாரும் பணத்தை எடுக்கவில்லை. மேலும் என் வீட்டிலும் பூண்டு விளைகிறது. அதைப் பேச்சில் சொல்லிவிட்டேன். முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்கியிருப்பார்கள். ஆகவே 41 என்ற எண்ணை விலை நிர்ணயத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.

வார நாளில் வருவோர், காரை நிறுத்தாமல் போனவர்கள், தமிழ் தெரியாதவர்கள் மாதிரியில் இல்லை.

பரிந்துரை

விலையை இப்போது ஏற்ற வேண்டாம். கடையில் ஒரு தட்டில் உரித்த பல் வைத்து, முகர்ந்து பார்க்கச் சொல்லலாம். பலகைச் சோதனையை விடுமுறை இல்லாத நான்கு சனிக்கிழமைகளில், ஒன்றுவிட்டு ஒன்றாகப் பலகை வைத்து மறுபடி செய்ய வேண்டும்.