விலங்குகளுக்கு அறத்தில் இடம் உண்டு: தீர்மானத்தை ஆதரித்து

நடுவர் அவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எதிரணித் தோழர் நன்றாகவே பேசினார், ஆனால் அவர் வாதம் முழுக்க ஒரே ஆணியில்தான் தொங்குகிறது: உரிமை என்பது கடமைக்கு ஈடாக நாம் செய்துகொள்ளும் ஒப்பந்தம், கடமை செய்யத் தெரியாத உயிருக்கு உரிமை கிடையாது. சரி, ஆறு மாதக் குழந்தைக்கு என்ன கடமை தெரியும்? மறதி நோய் முற்றி, பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு? அவர்களை அடித்தால் தப்பு என்கிறோமே, அது எந்த ஒப்பந்தத்தின் பேரில்?

1789-இல் வெளிவந்த தன் நூலில், அதுவும் ஓர் அடிக்குறிப்பில், ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தம் இதை உடைத்துவிட்டார். விலங்குகளால் சிந்திக்க முடியுமா, பேச முடியுமா என்பதல்ல கேள்வி, துன்பப்பட முடியுமா என்பதுதான்.

நாமக்கல் பக்கம் முட்டைப் பண்ணைக்குள் போய்ப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். முட்டை தானாக உருண்டு முன்னால் வந்துவிடும்படி சரிவாகப் போட்ட கம்பிவலை, அதன் மேல்தான் கோழி பகலும் இரவும் நிற்கிறது, பல கூண்டுகளில் ஒரு கோழிக்கு ஏ4 தாள் அளவு இடம்கூடத் தேறாது, இறக்கையை விரிக்க முடியாது, நெருக்கடியில் ஒன்றையொன்று கொத்தும் என்பதற்காகக் குஞ்சாக இருக்கும்போதே அலகு நுனியை வெட்டிவிடுகிறார்கள். எல்லோருடைய இன்பதுன்பத்தையும் கூட்டிக் கழித்துச் சரி தப்பு சொல்கிற பயன்வாதிக்கு இந்த வேதனை கணக்கில் வந்தாக வேண்டும். கோழியுடையது என்பதற்காக அதைத் தள்ளுபடி செய்வது, தத்துவவாதி பீட்டர் சிங்கர் சொல்கிற மாதிரி, இனவெறியின் தம்பிதான்.

ஆனால் பயன்வாதத்தில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை, என் அணித் தோழர்கள் மன்னிக்கவும். கணக்குப் போடுகிறவன் ஒரு பக்கம் கோழியின் வலியையும் மறு பக்கம் கோடிப் பேருக்குக் கிடைக்கும் மலிவான முட்டையையும் வைத்துவிட்டு, "அடடா, லாபம்தான்" என்று எழுந்து போய்விடலாம். அந்த இடத்தில்தான் அமெரிக்கத் தத்துவவாதி டாம் ரீகன் வேண்டும். 1983-இல் அவர் சொன்னது: தன் வாழ்க்கை எப்படிப் போகிறது என்பது தனக்கே முக்கியமாக இருக்கிற உயிர் எதுவோ, அதைப் பிறர் லாபத்துக்கான வெறும் கருவியாக்கக் கூடாது. அவர் முதன்மையாகப் பேசியது பாலூட்டிகளைப் பற்றி. கோழி அந்த வட்டத்துக்குள் வருமா என்று கேட்டால், வரும் என்பேன்.

எல்லோருக்கும் தெரிந்த மனுநீதிச் சோழன் கதையை இழுக்கப் போவதில்லை, ஜல்லிக்கட்டையே எடுத்துக்கொள்வோம். 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, 2023-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தமிழ்நாட்டின் சட்டத் திருத்தம் செல்லும் என்றது. இதற்கிடையில் ஊரெல்லாம் நடந்த சண்டையில் காளை வளர்ப்பவர்கள் சொன்னது என்ன? "பிள்ளை மாதிரி வளர்க்கிறோம், துன்புறுத்துவதில்லை" என்பதுதான். "காளைக்கு வலித்தால் எங்களுக்கென்ன" என்று கேட்டு அந்த வழக்கை ஜெயித்திருக்க முடியுமா?

எதிரணியில் அடுத்துப் பேசப்போகிறவர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி.