ரோஸ் சீட்டு, பூட்டு சாவி

அக்கா, வணக்கம். கை வேலையா இருக்கீங்களா? பாருங்க பாருங்க, நான் வாசல்லயே நின்னுக்கிறேன். ஒரு நிமிசந்தான்.

என்னயத் தெரியும்ல, கிணத்தடி வீட்டு மருமக. 20 வருசமா இந்தக் கரையில பாசிக்குப் போறவ. இந்தத் தடவை ஊராட்சித் தலைவருக்கு நிக்கிறேன்க்கா.

மூணே மூணு காரியம் சொல்லிட்டுப் போறேன். காவிரித் தண்ணி வந்தா, தெருக் கடைசிக் குழாய்லயும் குடம் நிறையணும். விடியுமுன்னாடி கரைக்குப் போற பாதையில லைட்டு எரியணும். வருசத்துக்கு 6 கிராம சபை இருக்கு, ஆறுலயும் வரவு செலவ உங்க முன்னாடி சத்தமா வாசிப்பேன்.

வர்ற சனிக்கிழமை 4 சீட்டு குடுப்பாங்க. தலைவருக்கு உள்ளது ரோஸ் சீட்டு. அதுல பூட்டு சாவியில குத்துங்க. ரோஸ் சீட்டு, பூட்டு சாவி. வர்றேன்க்கா.

*பள்ளிவாசல் தெருவில்:*
அஸ்ஸலாமு அலைக்கும், லாத்தா. நல்லா இருக்கீங்களா? காக்கா ஊர்ல இருந்து வந்துட்டாகளா? (பதில் சொல்லி முடிக்கட்டும். அப்புறம் "என்னயத் தெரியும்ல"ங்கிறதுல இருந்து.)

*தண்ணி வண்டி வந்துட்டால்:*
நீங்க குடத்த எடுங்கக்கா, வண்டி போயிரும். ஒரு குடத்த இங்கிட்டுக் குடுங்க. வீட்டுக் குழாய்ல தண்ணி வரணும்னுதான் நான் நிக்கிறதே. ரோஸ் சீட்டு, பூட்டு சாவி.

*வலை பின்னிக்கிட்டு இருக்கிற அண்ணன்மார்கிட்ட:*
அண்ணே, வணக்கம். எந்திரிக்காதீங்க. எல்லை தாண்டுனான்னு படகைப் புடிச்சு வச்சிருக்கிறது எனக்கும் வயித்தெரிச்சல்தாண்ணே, எங்க வீட்டு ஆம்பளையும் கடலுக்குப் போறவருதான். ஆனா அது டெல்லி பேசித் தீக்க வேண்டியது. நான் தீத்து வைக்கிறேன்னு சொன்னா பொய். தடைக்காலம் 61 நாளும் நீங்க கரையில இருக்கும்போது, தெருவுல தண்ணியும் லைட்டும் இருக்கா, குப்பை அள்ளுனாங்களான்னு என்னயக் கேளுங்க. அது பஞ்சாயத்து வேலை, அதுக்கு நான் பொறுப்பு.

*"என்ன குடுப்ப?"ன்னு கேட்டால்:*
ஆத்தா, காசு குடுக்க மாட்டேன். இன்னைக்கு வாங்கிட்டீங்கன்னா நாளைக்கு குழாய் வறண்டா என்னய வைய உங்களுக்கு வாய் வராது. நீங்க வையணும் ஆத்தா, அதுக்குத்தான் ஓட்டு.

*"வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்"னு சொன்னால்:*
சரி மதினி, அதனால என்ன. சனிக்கிழமை கட்டாயம் போயி ஓட்டப் போட்டுருங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே போங்க, வயசானவகளையும் கூட்டிட்டுப் போங்க. மறுநாளும் நம்ம ஒரே கரையிலதான் இறங்கணும்.

*வீடு பூட்டியிருந்தால், பக்கத்து வீட்டில்:*
மதினி, இவுக கரையில இருந்து வந்தா கிணத்தடி வீட்டு மருமக வந்துட்டுப் போனான்னு சொல்லுங்க. சாயந்தரம் மறுபடி வர்றேன். சீட்டு என்ன கலர்னு கேட்டா?

அதேதான் மதினி. பூட்டு சாவி.